மூலைக்கு மூலை ஓர் அளவு

பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்து, கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தைப் பாருங்கள். நான்கு எல்லைகளுக்குப் பிறகு நான்கு அளவுகள் வரும். ஒரு மனையை எடுத்துக்கொள்வோம்: கிழமேல் வடபுறம் 65 அடி, கிழமேல் தென்புறம் 68 அடி, தென்வடல் மேல்புறம் 70 அடி, தென்வடல் கீழ்புறம் 77 அடி. இதற்குள் எத்தனை சதுர அடி இருக்கிறது?

தரகரிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும். வடபுறமும் தென்புறமும் கூட்டிப் பாதி, 66.5. மேல்புறமும் கீழ்புறமும் கூட்டிப் பாதி, 73.5. இரண்டையும் பெருக்கினால் 4,887 சதுர அடியும் கொஞ்சமும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, வகுத்தால் 11.22 சென்ட். பேரம் தொடங்கிவிடும்.

நான் சொல்லும் இந்த மனையில் உண்மையில் இருப்பது 4,410 சதுர அடி, அதாவது 10.12 சென்ட். கிட்டத்தட்ட 1.1 சென்ட் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சென்ட் 5 லட்சம் போகும் இடமென்றால் ஐந்தரை லட்சம் ரூபாய்க்குக் காற்றை வாங்குகிறோம். யாரும் டேப்பைப் பிடித்து இழுத்து ஏமாற்றவில்லை. நான்கு அளவுகளும் அங்குலம் பிசகாமல் சரி. கணக்கு போட்ட விதம்தான் தவறு.

நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி மட்டும் அடித்து ஜன்னல் சட்டம்போல் சேர்த்துப் பாருங்கள். கையால் தள்ளினால் அது சாயும். சட்டங்களின் நீளம் மாறாது. நடுவில் இருக்கும் வெளி மட்டும் குறுகிக்கொண்டே போகும். நான்கு பக்கங்களைச் சொல்லிப் பரப்பைக் கேட்பது இந்தச் சாயும் சட்டத்தின் பரப்பைக் கேட்பதுதான். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லாதவரை அதற்கு விடையே கிடையாது. தச்சர் என்ன செய்வார்? மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடிப்பார். அதோடு ஆட்டம் நின்றுவிடும். ஏனென்றால் குறுக்குச் சட்டம் விழுந்ததும் அது இரண்டு முக்கோணங்களாகிவிடுகிறது. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் முக்கோணத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் இந்த இடத்தில் பொறுமை இழந்துவிடுகிறார். மூலைவிட்டத்தையோ செங்குத்து உயரத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரையும், அதற்குப் பதில் சொல்ல முனைபவரையும் சேர்த்தே பேய் என்று திட்டுகிறார்.

தரகர் கணக்கு நம் ஊரில் பிறந்ததும் அல்ல. எகிப்தின் எட்ஃபூ நகரில் உள்ள ஹோரஸ் கோயில் சுவரில், கோயிலுக்குக் கொடுத்த நிலங்களின் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முந்தையது. ஒவ்வொரு நிலத்துக்கும் நான்கு பக்கம், பிறகு பரப்பு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் அதே முறை. முக்கோண நிலம் வந்தால் அதையும் விடவில்லை. நான்காவது பக்கம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். இந்த முறை செவ்வகத்துக்கு மட்டும்தான் சரி. மற்ற எல்லா வடிவத்துக்கும் கூடுதலாகவே காட்டும். ஒருமுறைகூடக் குறைத்துக் காட்டாது. வரி வாங்குகிறவருக்கும் நிலம் விற்கிறவருக்கும் அது ஏன் இத்தனை காலம் பிடித்துப்போயிற்று என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நம் மனையில் அது எவ்வளவு கூடுதல் என்பதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர், நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும் நாற்கரத்துக்கு ஒரு பரப்பளவுச் சூத்திரம் கொடுத்தார். குறிப்பிட்ட நான்கு பக்கங்களால் வளைக்கக்கூடிய அதிகபட்ச இடம் அந்த அமைப்பில்தான் கிடைக்கும். 65, 70, 68, 77 என்ற பக்கங்களுக்கு அது 4,880 சதுர அடி. தரகர் சொன்னதோ 4,887. அப்படியொரு மனையை எந்தக் கோணத்தில் வளைத்தாலும், எந்த ஊரில் தேடினாலும் காண முடியாது.

ஆக, ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும். ஈசானிய மூலைக் கல்லில் டேப்பின் நுனியை வைத்து, கன்னிமூலைக் கல் வரை இழுக்கிறோம். 75 அடி. இப்போது மனை இரண்டு முக்கோணங்கள். வடமேற்குப் பக்கம் 65, 70, 75. தென்கிழக்குப் பக்கம் 68, 77, 75.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை ஒட்டிப் படித்து, தேர்வோடு மறந்துபோன சூத்திரத்துக்கு இங்கேதான் வேலை. முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் a, b, c. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் அரைச்சுற்றளவு, அதை s என்போம். பரப்பு:

√(s(s−a)(s−b)(s−c))

முதல் முக்கோணத்தில் 65, 70, 75 கூட்டினால் 210; பாதி 105. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 40, 35, 30. இந்த மூன்றையும் 105-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். போனில் கால்குலேட்டர் இருக்கிறது. ஆனாலும் கையில் போட்டுப் பார்ப்பது சுகம். 105-ஐ 40-ஆல் பெருக்கினால் 4,200. 35-ஐ 30-ஆல் பெருக்கினால் 1,050. முன்னது பின்னதைப்போல் சரியாக நான்கு மடங்கு. எனவே வர்க்கமூலம் 1,050-இன் இரு மடங்கு, 2,100 சதுர அடி.

இரண்டாவது முக்கோணம் 68, 77, 75. கூட்டல் 220, பாதி 110. கழித்தால் 42, 33, 35. இங்கே 110-ஐயும் 33-ஐயும் பெருக்கினால் 3,630. அது 30 × 121. 42-ஐயும் 35-ஐயும் பெருக்கினால் 1,470. அது 30 × 49. வர்க்கமூலம் 30 × 11 × 7, அதாவது 2,310. இரண்டும் சேர்ந்து 4,410. எண்கள் இவ்வளவு அழகாக விழுந்ததற்குக் காரணம் நான் பொறுக்கி எடுத்த மனை. உங்கள் மனையில் தசமங்கள் வரும், பயப்பட வேண்டாம்.

அளந்தது சரியா என்று பார்க்க வழியும் அங்கேயே இருக்கிறது. மற்ற இரண்டு மூலைகளுக்கு, வாயு மூலையிலிருந்து அக்னி மூலைக்கு, ஒரு டேப் இழுங்கள். நம் மனையில் அது 118 அடி 4 அங்குலம். அந்தக் கோடு மனையை வேறு இரண்டு முக்கோணங்களாக வெட்டும். அவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டால் கூட்டுத்தொகை மறுபடி 4,410-ஐ ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் ஆறு அளவுகளில் ஏதோ ஒன்று தப்பு. புதிதாகப் பத்திரம் எழுதுகிறவர்கள் நான்கு அளவுகளோடு இந்த மூலைக்கு மூலை அளவையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், முப்பது வருடம் கழித்து ஒரு கல் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது, உயரமே இல்லாமல் எப்படிப் பரப்பு கிடைக்கிறது என்று தோன்றலாம். உயரம் இல்லாமல் இல்லை, உள்ளே ஒளிந்திருக்கிறது. 65, 70, 75 முக்கோணத்தையே பாருங்கள். 70 அடிப் பக்கத்தை அடியாக வைத்து, எதிர் முனையிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு இறக்குவோம். அது அடிக்கோட்டை இரண்டு துண்டாக்கும். 65 அடிப் பக்கம் இருக்கும் பக்கத்துத் துண்டு x என்றால், மற்றது 70 − x. இரண்டு புறமும் செங்கோண முக்கோணம். உயரம் இரண்டுக்கும் பொது. பிதாகரஸ் தேற்றப்படி உயரத்தின் வர்க்கம் ஒரு புறம் 65² − x², மறுபுறம் 75² − (70 − x)². இரண்டையும் சமப்படுத்தினால் x = 25 என்று வரும். அப்படியானால் உயரத்தின் வர்க்கம் 4,225 − 625 = 3,600; உயரம் 60 அடி. பாதி × 70 × 60 = 2,100. அதே விடை.

எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்து இதே வேலையைச் செய்து, கிடைப்பதைக் காரணிகளாகப் பிரித்து அடுக்கினால் அரைச்சுற்றளவுச் சூத்திரம் வந்து நிற்கும். ஆக அடிப்பக்கம், உயரம் என்ற பழைய முறைக்கு இது போட்டி அல்ல. அந்த உயரத்தைத் தரையில் தேடாமல் காகிதத்தில் தேடும் வழி, அவ்வளவுதான். எனவே எது மேல் என்ற கேள்வி கணிதக் கேள்வியே அல்ல. எந்த அளவை நம்பிக்கையாக எடுக்க முடியும் என்ற கேள்வி.

சூத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஹெரோன். அவரும் எகிப்துக்காரர்தான், அலெக்ஸாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர். எட்ஃபூ சுவரில் தப்புக் கணக்கு வெட்டப்பட்ட அதே நாட்டில், சில தலைமுறைகளுக்குள், அதற்கான மருந்தை நிரூபணத்தோடு எழுதி வைத்தார். அந்த நூலின் பெயர் ‘மெட்ரிகா’. நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. 1896-இல்தான் இஸ்தான்புல்லில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. சூத்திரத்தை முதலில் கண்டவர் ஆர்க்கிமிடீஸ் என்று அல்பிரூனி குறித்திருக்கிறார். யார் கண்டிருந்தாலும், கணக்குப் போட்டுக் காட்டியவர் ஹெரோன்.

அவர் எடுத்துக்கொண்ட முக்கோணம் 7, 8, 9. அரைச்சுற்றளவு 12. கழித்தால் 5, 4, 3. நான்கையும் பெருக்கினால் 720. ஆனால் 720-க்கு முழு வர்க்கமூலம் கிடையாது. அவர் செய்தது இன்றைக்கும் கைக்கணக்குக்கு நல்ல வழி. 720-க்குப் பக்கத்தில் இருக்கும் முழு வர்க்கம் 729. அதன் மூலம் 27. 720-ஐ 27-ஆல் வகுத்தால் 26⅔. 27-க்கும் 26⅔-க்கும் நடுவே 26 ⅚, அதாவது 26.8333. உண்மையான விடை 26.8328. ஒரே சுற்றில் இவ்வளவு நெருக்கம். இன்னும் வேண்டுமென்றால் 26 ⅚-ஆல் மறுபடி வகுத்து, மறுபடி நடுவை எடுக்கலாம்.

இப்போது களத்துக்கு வருவோம். மூன்று பக்கங்களை அளப்பது எப்போது லாபம்?

உயரத்தை அளக்க டேப் நிலத்தின் நடுவே போக வேண்டும். முக்கோணமான வயலில் நெல் கதிர் முற்றி நிற்கிறது. நடுவில் ஒரு கிணறோ கரும்போ முள்வேலியோ இருக்கிறது. வரப்பு மேலேயே நடந்து மூன்று பக்கத்தையும் அளந்துவிட்டால் ஒரு பயிரையும் மிதிக்க வேண்டாம். குளத்தின் முக்கோணக் கரைக்கும் அப்படியே. விரிகோண முக்கோணமென்றால் இன்னொரு தொல்லை. சில பக்கங்களை அடியாக எடுத்தால் செங்குத்துக் கோடு நிலத்துக்கு வெளியே, பக்கத்துக்காரர் தோட்டத்தில் போய் விழும். அங்கே டேப் பிடிக்க அவரிடம் அனுமதி கேட்கும் நிலை எல்லாருக்கும் சுமுகமாக இருப்பதில்லை.

இரண்டாவது லாபம், தப்பைத் தானே காட்டிக்கொடுப்பது. யாரோ எழுதிக் கொடுத்த அளவு 40, 55, 98 என்று இருக்கட்டும். அரைச்சுற்றளவு 96.5, அதிலிருந்து 98-ஐக் கழித்தால் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், வர்க்கமூலம் எடுக்கக் கால்குலேட்டர் மறுக்கும். காரணம் எளிது: 40-உம் 55-உம் சேர்ந்தே 95 அடிதான்; அவை 98 அடிக் கோட்டின் இரு நுனியை எட்டவே எட்டாது. இப்படியொரு நிலம் கிடையாது. அடிப்பக்கம், உயரம் முறையில் இந்த எச்சரிக்கை இல்லை. எந்த இரண்டு எண்ணைக் கொடுத்தாலும் அது பெருக்கிப் பாதியாக்கிக் கொடுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் பழைய முறைக்கு நியாயம் சொல்லியாக வேண்டும். செங்குத்தைச் சரியாகப் பிடிக்க முடியாது, அதனால் உயரக் கணக்கு மோசம் என்று பலரும் சொல்வார்கள். அது அவ்வளவு மோசம் இல்லை. நம் 65, 70, 75 முக்கோணத்தில் உயரம் 60 அடி. கண்மதிப்பாக டேப்பின் மறுமுனையைச் சரியான இடத்திலிருந்து 5 அடி தள்ளி வைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். டேப் காட்டுவது 60 அடி 2½ அங்குலம். பரப்பில் வரும் பிழை 7 சதுர அடி, அவ்வளவே. சாய்வாக அளந்த கோடு செங்குத்தைவிட எப்போதும் நீளம் என்பதால் அதைத் திருத்துவதும் சுலபம்: ஒருவர் மூலைக் கல்லில் டேப்பைப் பிடித்து நிற்க, மற்றவர் எதிர்ப் பக்கக் கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்க்க வேண்டும். எங்கே அளவு மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் உயரம். மூலைமட்டம்கூடத் தேவையில்லை. ஆக, இடையில் தடங்கல் இல்லாத வெற்று மனையில் உயரத்தை அளப்பது கௌரவமான முறைதான்.

அந்த முறை ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. அங்கே அரைச்சுற்றளவுச் சூத்திரம் படுமோசமாகத் தோற்கும். வாய்க்கால் ஓரத்திலும், சாலை அகலப்படுத்தியபின் மிஞ்சும் துண்டிலும் இப்படிப்பட்ட நிலங்களைப் பார்க்கலாம்: நீளமாக, ஒடுங்கி, கோவணத் துணிபோல். பக்கங்கள் 100, 60, 41 அடி என்று கொள்வோம். அரைச்சுற்றளவு 100.5. கழித்தால் 0.5, 40.5, 59.5. பரப்பு 348 சதுர அடி.

இப்போது 100 அடிப் பக்கத்தை அளக்கும்போது டேப் சற்றுத் தொய்ந்து, மூன்று அங்குலம் கூடுதலாக, 100.25 என்று எழுதிவிட்டோம். வீட்டுமனை அளவையில் மூன்று அங்குலம் என்பது நடக்காத பிழை அல்ல. மறுபடி கணக்குப் போட்டால் 302 சதுர அடி. மூன்று அங்குலத்துக்கு 46 சதுர அடி காணாமல் போய்விட்டது. நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு! காரணம் அந்த 0.5 தான். பெருக்கலில் இருக்கும் நான்கு எண்களில் ஒன்று இவ்வளவு சிறியதாக இருந்தால், சின்னப் பிழையும் அதைக் கால்வாசி குறைத்துவிடும், 0.5 இருந்த இடத்தில் 0.375 ஆகிவிட்டது. மற்ற மூன்று எண்களும் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பயனில்லை.

அதே துண்டில் நீளப் பக்கத்தை அடியாக வைத்து உயரத்தை அளந்தால் 6 அடி 11½ அங்குலம் வரும். அடிப்பக்கத்தில் அதே மூன்று அங்குலம் பிசகினாலும் பரப்பில் மாறுவது ஒரு சதுர அடிகூட இல்லை. உயரத்தில் ஓர் அங்குலம் பிசகினால் 4 சதுர அடி. நிலம் ஒடுங்கியிருப்பதால் ஏழு அடி அளக்க டேப்பைக் கையில் விரித்தாலே போதும். அங்குலம் பிசகாமல் அளக்கலாம். கழித்து வரும் மூன்று எண்களில் ஒன்று மற்றவற்றைவிட வெகு சிறியதாக வந்தால், சூத்திரத்தை விட்டுவிட்டு உயரத்தை அளக்கப் போய்விட வேண்டும்.

நாற்கர மனையை எந்த மூலையிலிருந்து வெட்டுவது என்பதற்கும் இதுவே விடை. நம் மனையில் ஈசானிய மூலையிலிருந்து போன 75 அடிக் கோடு தந்த முக்கோணங்கள் மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமானவை. அந்தக் கோட்டில் ஓர் அங்குலம் பிசகினால் மொத்தப் பரப்பில் 3 சதுர அடி மாறும். 118 அடிக் கோடு தந்தவை சற்றுத் தட்டையானவை. அங்கே ஓர் அங்குலத்துக்கு 5 சதுர அடியை ஒட்டி மாறும். கணக்குக்குக் குட்டையான மூலைவிட்டம், சரிபார்க்க நெட்டையானது என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் வீடு நின்றால் மூலைக்கு மூலை டேப் போகாதே என்று கேட்பீர்கள். அதற்கும் முக்கோணத்தின் பிடிவாதமே உதவும். வாயு மூலைக் கல்லிலிருந்து 65 அடிப் பக்கத்தில் 20 அடி அளந்து ஒரு முளை அடியுங்கள்; 70 அடிப் பக்கத்திலும் 20 அடியில் ஒரு முளை. இரண்டு முளைகளுக்கும் இடையே அளந்தால் நம் மனையில் 22 அடி 2¼ அங்குலம் வரும். அந்தக் குட்டி முக்கோணம் மூலையின் கோணத்தைப் பூட்டிவிட்டது. முளைகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தை 400-ஆல் வகுத்தால் 1.23; அதை 2-இலிருந்து கழித்தால் 0.77, 65 × 70-ஆல் பெருக்கினால் 3,500. 65², 70² இரண்டின் கூட்டுத்தொகை 9,125. அதிலிருந்து 3,500 போக 5,625. வர்க்கமூலம் 75 அடி. வீட்டைச் சுற்றாமலே குறுக்களவு வந்துவிட்டது. ஒரு நிபந்தனை: 20 அடியில் அளந்ததை 70 அடிக்கு நீட்டுவதால் பிழையும் கூடவே நீளும். முளைகளுக்கு இடையே ஓர் அங்குலம் பிசகினால் மூலைவிட்டத்தில் மூன்றரை அங்குலம் மாறும், பரப்பில் 10 சதுர அடி. இடமிருந்தால் 20-க்குப் பதில் 30, 40 அடியில் முளை அடிப்பது நல்லது.

இன்னொன்றும் பலரும் கவனிக்காதது. டேப்பைத் தரை மேட்டின் மேலேயே படியவிட்டு அளந்தால் பக்கம் நீளமாகத்தான் வரும். நிலக் கணக்கு மேலிருந்து பார்க்கும் மட்டமான பரப்புக்குத்தான். சரிவான இடத்தில் டேப்பை மட்டமாகப் பிடித்து, தாழ்ந்த பக்கத்தில் தூக்குக்குண்டு விட்டு, துண்டு துண்டாக அளக்க வேண்டும். மூன்று பக்கமும் சரிவில் அளந்தவையென்றால் சூத்திரம் அந்தச் சரிவின் பரப்பைத்தான் கொடுக்கும்.

அரசாங்க சர்வேயர்கள் எந்த முறை? தமிழ்நாட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் இருக்கும் புலப்படத்தை, எல்லாரும் எஃப்.எம்.பி என்று சொல்வதை, விரித்துப் பாருங்கள். நிலத்தின் எல்லைக் கோடுகள் எஃப்-லைன். உள்ளே மூலையிலிருந்து மூலைக்குப் போகும் கோடுகள் ஜி-லைன். அந்த ஜி-லைனிலிருந்து வளைந்து நெளியும் எல்லையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் செங்குத்தாகச் சிறு அளவுகள் இருக்கும், அவை ஆஃப்செட். ஜி-லைன் அடிப்பக்கம், ஆஃப்செட் உயரம். ஆக அவர்கள் இரண்டையும் கலந்தே செய்திருக்கிறார்கள். பெரிய உடலை முக்கோணங்களாகப் பூட்டுவதற்கு மூலைக்கோடுகள். எல்லையோரத்தில் ஒட்டியிருக்கும் ஒல்லித் துண்டுகளுக்கு அடிப்பக்கமும் உயரமும். மேலே 100, 60, 41 அடித் துண்டில் பார்த்ததை வைத்து யோசித்தால் இது எவ்வளவு கச்சிதமான பங்கீடு என்று புரியும். செயற்கைக்கோள் கருவியால் மூலைகளின் ஆயத்தொலைவே கிடைத்துவிடும் இடங்களில் இந்த இரண்டுமே தேவைப்படுவதில்லை. அங்கே கணினி நேரடியாகப் பரப்பைச் சொல்லிவிடும்.

புலப்படத்தில் எஃப்-லைன், ஜி-லைன் நீளங்கள் மீட்டரில் அச்சாகியிருப்பதால் வீட்டில் உட்கார்ந்தே ஒரு சோதனை போடலாம். ஜி-லைனையும் அதன் இருபுறமும் உள்ள எல்லைகளையும் எடுத்து முக்கோணம் முக்கோணமாக அரைச்சுற்றளவுக் கணக்கைப் போட்டுக் கூட்டுங்கள். நம் மனையென்றால் 409.7 சதுர மீட்டர் வர வேண்டும்; பட்டாவில் அது 4.10 ஏர் என்று நிற்கும். புலப்பட நீளங்கள் பெரும்பாலும் ஒரு தசமத்தோடு நிறுத்தப்பட்டவை. அந்த முழுமையாக்கலால் இந்த அளவு மனையில் ஒரு சதுர மீட்டரை ஒட்டி முன்பின் ஆகலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். வித்தியாசம் 20 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட் வந்தால், முதலில் எந்த நீளத்தைத் தப்பாகப் படித்தோம் என்று பாருங்கள். பழைய படத்தில் 1-உம் 7-உம், 3-உம் 8-உம் குழம்பும். அதுவும் சரியென்றால் களத்தில் கல்லுக்குக் கல் டேப் பிடித்து, எந்தக் கோடு படத்தோடு ஒத்துவரவில்லை என்று குறித்துக்கொண்டு, கட்டணம் கட்டி மறுஅளவைக்கு மனுப் போடலாம். எந்தக் கோடு என்று மனுவில் எழுதிவிட்டால் சர்வேயருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.